நாலு கட்டம் போட்டாச்சு... அப்புறம்?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



மேலாண்மைப் பாடத்தில் ஸ்வாட் பகுப்பாய்வு என்று ஒன்று வருகிறதே, அதை எழுதாதவர் நம்மில் யாரும் இருக்க முடியாது. பக்கத்தை நாலாகப் பிரித்துக் கோடு போடுவோம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று தலைப்பு எழுதுவோம். ஒவ்வொன்றிலும் ஐந்து பாயிண்ட். மார்க் வந்துவிடும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், இன்பிளான்ட் டிரெயினிங் போகிற வரைக்கும்.

நாங்கள் மூன்று பேர் போனது கோவையில் ஒரு லேத் பட்டறை. நான்கு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஒரு ரேடியல் டிரில்லிங் மெஷின், எட்டு பேர் வேலை. வருகிற வேலையில் நூற்றுக்கு எழுபது பங்கு ஒரே ஒரு பம்ப் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது. மீதி முப்பது பங்கு அக்கம்பக்கத்து மில்களிலிருந்து வரும் ரிப்பேர் வேலை. அந்த பம்ப் கம்பெனி ஷாஃப்ட் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக சி.என்.சி. வைத்திருப்பவர்களுக்குத் திருப்ப ஆரம்பித்திருந்தது. பட்டறை முதலாளி வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து செகண்ட் ஹேண்ட் சி.என்.சி. டர்னிங் மெஷின் ஒன்று வாங்கலாமா என்று யோசனையில் இருந்தார். நாங்கள் ஆர்வக்கோளாறில், "அண்ணா, உங்க பட்டறைக்கு நாங்க ஸ்வாட் போட்டுத் தர்றோம்" என்று சொல்லிவிட்டோம்.

போட்டோம். பலம்: தரமான வேலை, அனுபவமிக்க தொழிலாளர்கள். பலவீனம்: பழைய மெஷின்கள், பணப் பற்றாக்குறை. வாய்ப்பு: சி.என்.சி. வாங்குதல், புதிய வாடிக்கையாளர்களைப் பிடித்தல். அச்சுறுத்தல்: போட்டி, மூலப்பொருள் விலையேற்றம். நீட்டாக டைப் செய்து, பைண்டிங் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு கேட்டார்:

"ஏனுங் தம்பி, எல்லாம் சரிதானுங்க. இதை வெச்சு நாளைக்குக் காலையில நான் என்ன பண்றதுங்க? மெஷின் வாங்கறதா, வேண்டாமா?"

மூன்று பேரும் முழித்தோம். அந்தத் தாளில் இதற்குப் பதில் இல்லை! இன்னும் சொன்னால், ஊரில் எந்தப் பட்டறையின் பெயரை மேலே எழுதினாலும் அந்தத் தாள் அப்படியே பொருந்தும்.

இது எங்களுக்கு மட்டும் நடந்ததில்லை என்று பிறகு தெரிந்தது. டெர்ரி ஹில், ராய் வெஸ்ட்புரூக் என்ற இருவர் பிரிட்டனில் கம்பெனிகள் போட்ட ஸ்வாட்களை ஆராய்ந்து 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நீளமான பட்டியல், பொத்தாம்பொதுவான வார்த்தைகள், அதற்குப் பிறகு திட்டம் போடும்போது அந்தத் தாளை யாரும் எடுத்துப் பார்க்கவே இல்லை என்பதுதான் அவர்கள் கண்டது. பெரிய கம்பெனிக்காரர்களே இப்படி என்றால் நாம் எம்மாத்திரம்!

இதற்கு மருந்து அதற்கு முன்பே, 1982-லேயே வந்துவிட்டது. சான்பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹைன்ஸ் வைரிச் ஸ்வாட்டைத் திருப்பிப் போட்டு 'டோஸ்' கட்டம் என்று ஒன்றைச் சொன்னார். (நம்ம ஹெச்.ஓ.டி. விடுகிற டோஸ் அல்ல!) அதில் இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, வெளியே இருப்பதை முதலில் எழுத வேண்டும். அச்சுறுத்தலும் வாய்ப்பும் முதலில், நம்முடைய பலமும் பலவீனமும் பிறகு. இரண்டு, நான்கு பட்டியலோடு வேலை முடிவதில்லை. உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும் வெளியே இருக்கும் ஒவ்வொன்றோடும் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும். இந்தப் பலத்தை வைத்து அந்த வாய்ப்பைப் பிடிக்க முடியுமா, இந்தப் பலத்தால் அந்த அச்சுறுத்தலைச் சமாளிக்க முடியுமா, இந்தப் பலவீனம் எந்த வாய்ப்பைக் கெடுக்கிறது, இந்தப் பலவீனமும் அந்த அச்சுறுத்தலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான்கு விதமான கேள்வி. உத்தி பிறப்பது அந்தக் குறுக்குக் கட்டங்களில்தான்.

சரி என்று மறுபடியும் ஆரம்பித்தோம். இந்த முறை தாளின் உச்சியில் பட்டறையின் பெயரை எழுதவில்லை, கேள்வியை எழுதினோம்: 'ஷாஃப்ட் வேலை கைவிட்டுப் போனால் அடுத்த இரண்டு வருஷத்துக்கு இந்தப் பட்டறை எதைச் செய்து பிழைப்பது?' இதை எழுதியதுமே பழைய பாயிண்ட்களில் பாதி உதிர்ந்துவிட்டது. மூலப்பொருள் விலையேற்றம் போயே போச்சு. ஏனென்றால் ஷாஃப்ட்டுக்கான ராடு கம்பெனியே கொடுக்கிறது, இவர் வாங்குவது கூலி மட்டும்.

அடுத்து 'வாய்ப்பு' என்று நாங்கள் எழுதியிருந்ததைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. சி.என்.சி. வாங்குவது வாய்ப்பே அல்ல, அது நாம் செய்யப்போகும் காரியம். வாய்ப்பு என்பது நாம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வெளியே இருப்பது. இந்தத் தவறைத்தான் பெரும்பாலோர் செய்கிறோம். முடிவை முதலிலேயே வாய்ப்புக் கட்டத்தில் ஒளித்து வைத்துவிட்டால், பிறகு பகுப்பாய்வு எதற்கு? உண்மையான வாய்ப்பு வேறு இடத்தில் இருந்தது. மில்களில் மெஷின் உடைந்து நின்றால் ஒரே ஒரு உதிரி பாகத்துக்காக அலைகிறார்கள். ஒரு பீஸ் வேலை என்றால் சி.என்.சி.காரர்கள் எடுப்பதில்லை.

பலம் என்பதையும் இதே மாதிரி உரசிப் பார்த்தோம். 'தரமான வேலை' என்று எதிர் பட்டறைக்காரரும்தான் சொல்லுவார். இங்கே மட்டும் இருப்பது என்ன? பட்டறையின் மூத்த டர்னர், நாங்கள் மேஸ்திரி என்று கூப்பிடுவோம், டிராயிங் இல்லாமலேயே உடைந்த பாகத்தை அளந்து, தேய்மானம் எவ்வளவு என்று கணக்குப் போட்டு, மறுநாளே புதிது கடைந்து கொடுத்துவிடுவார். இதுதான் பலம். அதே மேஸ்திரிக்கு வயது 57, அவருக்கு அடுத்தபடியாக அந்த வேலை தெரிந்தவர் யாரும் இல்லை என்பது பலவீனக் கட்டத்துக்குப் போனது. ஒரே ஆள் இரண்டு கட்டத்திலும்!

இனிமேல்தான் விஷயமே. மேஸ்திரியின் பலத்தை சி.என்.சி. என்ற அச்சுறுத்தலோடு குறுக்கே வைத்தோம். 'ஒன்றிரண்டு பீஸ் என்றால் நாம், நிறைய என்றால் அவர்கள்' என்று எல்லோரும் வாயால் சொன்னார்கள். ஆனால் கோடு எந்த இடத்தில்? கணக்குப் போட்டோம்.

அந்த ஷாஃப்ட்டையே எடுத்துக்கொண்டோம். எங்கள் லேத்தில் செட்டிங்குக்கு 10 நிமிஷம், பிறகு பீஸுக்கு 18 நிமிஷம். தெரிந்த சி.என்.சி. பட்டறையில் விசாரித்தபோது புரோகிராம் எழுதி செட்டிங் முடிக்க 60 நிமிஷம், பிறகு பீஸுக்கு 5 நிமிஷம் என்றார்கள். நேரத்தை மட்டும் பார்த்தால் நாலாவது பீஸிலேயே அவர்கள் முந்திவிடுகிறார்கள். எங்கள் மூஞ்சி தொங்கிப்போனது. ஆனால் மெஷின் வாடகை ஒன்றல்லவே? லேத்துக்கு மணிக்கு 200 ரூபாய், சி.என்.சி.க்கு 500 ரூபாய் என்று அவரவர் கணக்கு. இதையும் சேர்த்துப் போட்டால் 25 பீஸுக்கு லேத்தில் சுமார் 1,533 ரூபாய், சி.என்.சி.யில் 1,542 ரூபாய். 26-வது பீஸில் தலைகீழாகிவிடுகிறது. பம்ப் கம்பெனி வழக்கமாகக் கொடுக்கும் 200 பீஸுக்கோ லேத்தில் 12,033 ரூபாய், அங்கே 8,833 ரூபாய். ஆக, ஷாஃப்ட் வேலை போய்க்கொண்டிருப்பது யாருடைய துரோகமும் அல்ல, கணக்கு.

இந்த 25 என்ற எண்ணைக் கொண்டுபோய்ப் பெருமையாக சி.என்.சி. ஆபரேட்டர் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஒரே வார்த்தையில் அதில் ஓட்டை போட்டார். "ஒரு தடவை செஞ்ச பீஸ் மறுபடி வந்தா புரோகிராம் கையில இருக்குமே? செட்டிங் இருபதே நிமிஷம்." திரும்பப் போட்டால் கோடு 25-லிருந்து 7-க்கு இறங்கிவிட்டது! அதாவது மில்லிலிருந்து மாதாமாதம் வரும் புஷ் மாதிரியான வேலைகூட நாளடைவில் நம்முடையது அல்ல. எது, எப்போது உடையும் என்று தெரியாத பாகம்தான் நம்முடையது. 'ரிப்பேர் வேலை' என்று ஒரே வார்த்தையில் பலமாக எழுதியிருந்தால் இது தெரிந்திருக்காது. இந்த எண்களும் இந்த ஷாஃப்ட்டுக்கும் இந்த வாடகைக்கும்தான். வேறு பாகத்துக்கு வேறு கோடு வரும்.

பலவீனத்தோடு வாய்ப்பை வைத்த கட்டம் இன்னொரு பாடம். பம்ப் கம்பெனி பணம் தர மூன்று மாதம் ஆக்குகிறது. 2006-ம் வருஷத்துச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு செய்த சிறு பட்டறைக்கு 45 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி. அருமையான வாய்ப்பு என்று எழுதிவிட்டோம். முதலாளி சிரித்தார். "எழுபது பங்கு வேலை தர்றவங்க மேல புகார் எழுதிப் போட்டுட்டு, மறுநாள் அங்கயே போய் வேலை கேக்க முடியுங்களா?" உண்மைதான். ஒரே வாடிக்கையாளர் என்ற பலவீனம் அந்த வாய்ப்பைப் பூட்டி வைத்திருக்கிறது. எழுபதைக் குறைத்தால்தான் சட்டம் கைக்கு வரும். எதை முதலில் செய்வது என்ற வரிசையும் இப்படித்தான் கிடைத்தது.

கடைசிக் கட்டம், பலவீனமும் அச்சுறுத்தலும் சேர்வது. கடன் வாங்கி சி.என்.சி. போட்டால் அதற்கு வேலை கொடுக்கப்போவது யார்? அதே ஒரே கம்பெனி. அது கையை விரித்தால் மெஷினும் சும்மா நிற்கும், வீட்டுப் பத்திரமும் பேங்கில் இருக்கும். இதை எழுதும்போது எங்களுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பதினாறு கட்டமும் நிரம்ப வேண்டும் என்று நாங்கள் பாடுபடவில்லை. பல கட்டங்களில் ஒன்றும் தேறவில்லை, கோடு போட்டுவிட்டோம். தேறியதை ஒரே பக்கத்தில் எழுதினோம். இப்போதைக்குப் பத்திரத்தை அடமானம் வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குள் பத்து மில்களின் மெயின்டனன்ஸ் ஆட்களை முதலாளியே நேரில் பார்க்க வேண்டும். இரண்டாவது டர்னரை தினமும் மேஸ்திரியோடு அளவெடுக்க உட்கார வைக்க வேண்டும், அதனால் ஷாஃப்ட் உற்பத்தி குறைந்தாலும் பரவாயில்லை. பத்தில் மூன்று மில்லாவது வேலை தராவிட்டால் இந்த யோசனை தப்பு என்று ஒப்புக்கொண்டு சி.என்.சி. பேச்சை மறுபடி எடுக்க வேண்டும். இந்தக் கடைசி வரிதான் முதலாளிக்குப் பிடித்திருந்தது.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். நான்கு மில்களிலிருந்து வேலை வருகிறதாம். பம்ப் கம்பெனியின் பங்கு எழுபதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு இறங்கியிருக்கிறது. வருமானம் பெரிதாக ஏறவில்லை, அதையும் சொல்ல வேண்டும். ஷாஃப்ட் கடைசலை அவரே பக்கத்து சி.என்.சி.காரருக்குக் கொடுத்துவிட்டு, சாவிக் காடி வெட்டும் மில்லிங் வேலையை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறார். இது எங்கள் தாளில் இல்லாத யோசனை, அவருடையது. மேஜைக்கு எதிரே சுவரில் சாக்பீஸால் 25 என்றும் அதற்குக் கீழே 7 என்றும் எழுதியிருந்தது. மேஸ்திரி டீ குடிக்கப் போயிருந்தார்; இரண்டாவது டர்னர் தனியாக உட்கார்ந்து ஒரு உடைந்த கியர் ஷாஃப்டை வெர்னியரில் அளந்துகொண்டிருந்தார்.