தேவை நெகிழ்ச்சி: வகைக்கெழுவைத் தலைகீழாக்க மறக்காதீர்கள்

விலை ஒரு சதவீதம் ஏறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் குறையும்? தேவை நெகிழ்ச்சி சொல்வது அதைத்தான். இரண்டு சதவீத மாற்றங்களின் விகிதம் என்பதால் அதற்கு ரூபாய், கிலோ என்று அலகு கிடையாது. வளைகோட்டின் ஒரு புள்ளியில் அதைக் கணிக்கும் சூத்திரம் இது:

η = −(p/x) · (dx/dp)

விலை ஏறினால் அளவு குறையும். அதனால் dx/dp எதிர்க்குறியோடு வரும். முன்னால் உள்ள கழித்தல் குறி விடையை நேர் எண்ணாக்குகிறது. அதை முதலிலேயே எழுதிவிடுங்கள், கடைசியில் சேர்க்கலாம் என்று விடாதீர்கள்.

ஒரு பொருளின் தேவைச் சார்பு p = 90 − x²/10. இதில் p விலை, ரூபாயில்; x விற்கும் பெட்டிகள். விலை 50 ரூபாயில் நெகிழ்ச்சி என்ன?

1. அளவைக் கண்டுபிடியுங்கள். 50 = 90 − x²/10 என்றால் x² = 400, x = 20.

2. வகையிடுங்கள். பலர் வழுக்கி விழும் இடம் இதுதான். சார்பு p = … என்று தரப்பட்டிருப்பதால் கைக்கு வருவது dp/dx = −x/5. x = 20 எனில் அது −4. ஆனால் சூத்திரம் கேட்பது dx/dp. ஆகவே தலைகீழாக்க வேண்டும்: dx/dp = −1/4. x = √(900 − 10p) என்று மாற்றி எழுதியும் வகையிடலாம், விடை அதேதான்; வேலைதான் கூடும். நான் எப்போதும் தலைகீழாக்கிவிடுவேன். சார்பு x = … என்று தரப்பட்டிருந்தால் மட்டும் அப்படியே விடுங்கள்.

3. பிரதியிடுங்கள். η = (50/20) × (1/4) = 0.625.

தலைகீழாக்க மறந்தவருக்கு (50/20) × 4 = 10 என்று வரும். தவறு என்று எப்படித் தெரிந்துகொள்வது? விலையை 1% ஏற்றிப் பாருங்கள். 50.50 ரூபாயில் x² = 395, x ஏறத்தாழ 19.875. அளவு 0.63% அளவுக்குத்தான் குறைந்திருக்கிறது; 10% எங்கே? இந்த ஒரு கணக்கு போதும்.

0.625 அந்தப் புள்ளிக்கு மட்டுமே உரியது. விலையை 20% ஏற்றி 60 ஆக்கினால் அளவு 12.5% குறையும் என்று பெருக்கிவிடாதீர்கள், உண்மையில் 13.4% குறைகிறது. காரணம், புள்ளி நகரும்போது நெகிழ்ச்சியும் மாறுகிறது. x² = 10(90 − p) என்பதை உள்ளே வைத்தால், இந்த வளைகோட்டுக்கு

η = p / (2(90 − p))

50 ரூபாயில் 0.625, 60-இல் சரியாக 1, 80-இல் 4. இனி விற்பனை வருவாயைப் பாருங்கள்: 50-இல் 1,000 ரூபாய், 60-இல் சுமார் 1,039, 80-இல் 800. நெகிழ்ச்சி 1-க்குக் கீழே இருக்கும்வரை விலை ஏற்றம் வருவாயைக் கூட்டுகிறது, 1-ஐத் தாண்டியதும் குறைக்கிறது. கடைக்காரர் 60-இல் நிறுத்திக்கொள்வது நல்லது, அவர் பார்ப்பது வருவாயை மட்டும் என்றால். லாபம் வேண்டுமென்றால் செலவுச் சார்பும் தேவை.