மருந்து பில்லும் ரத்தப் பரிசோதனைப் பொதியும்: கணக்குப் பார்க்கத் தெரிய வேண்டும்

நாளெல்லாம் கொள்முதல் பில்லை வரிவரியாகப் பார்க்கும் நாம், மருந்துக்கடையில் நீட்டிய பணத்தை மட்டும் கணக்குப் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு பில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

பத்து மாத்திரை கொண்ட அட்டை இரண்டு வாங்கினோம். அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலை ரூ.112. பில்லில் இரண்டுக்கும் ரூ.224 போட்டு, கீழே 5 சதவீத வரி என்று ரூ.11.20 கூட்டி, ரூ.235.20 வாங்கிவிட்டார்கள். அச்சிட்ட விலை எல்லா வரியும் அடங்கியது. அதற்கு மேல் வரி போட்டால் அது வரி அல்ல, கூடுதல் வசூல்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அது 12 சதவீத வரிக் காலத்தில் அச்சிட்ட அட்டை. அடக்க விலை 100, வரி 12. பெரும்பாலான மருந்துகளுக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. உற்பத்தியாளரின் புதிய விலைப்பட்டியலில் இந்த மருந்து ரூ.105. மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை 2013-ன்படி, அச்சிட்ட விலை, நடப்பு விலைப்பட்டியல் விலை, இந்த இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் விற்கக் கூடாது. ஆக இரண்டு அட்டைக்கு ரூ.210தான். எங்களிடம் கூடுதலாக வாங்கியது ரூ.25.20.

அட்டையை வெட்டி உதிரியாகத் தந்தாலும் விகிதக் கணக்குதான். 105 ரூபாய் அட்டையில் ஆறு மாத்திரைக்கு ரூ.63. பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லாவிட்டால் பிறகு கேட்க வழியில்லை. கடைக்காரர் திருத்தித் தர மறுத்தால் மருந்து ஆய்வாளரிடமோ, நுகர்வோர் உதவி எண் 1915-லோ புகார் தரலாம். அட்டையையும் பில்லையும் தூக்கி எறிய வேண்டாம்.

பரிசோதனைக்கூடத்தில் கதை வேறு. அங்கே அட்டையில் அச்சிட்ட விலை என்று ஒன்றும் இல்லை. அவர்கள் வாயால் சொல்வதே விலை. ரூ.1,200 பொதி என்று சொன்னார்கள். பில்லில் வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்க 150, சாப்பிட்ட பின் சர்க்கரைக்கு 100, அறிக்கை அச்சிட 50 சேர்த்து ரூ.1,500 ஆயிற்று. "அறுபது பரிசோதனை" என்ற எண்ணிக்கையைக் கண்டும் மயங்க வேண்டாம். ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை என்ற ஒரே பரிசோதனையின் அளவுகளைத் தனித்தனியாக எண்ணினாலே இருபது தேறிவிடும். நோய் கண்டறியும் பரிசோதனைக்குச் சரக்கு சேவை வரி விலக்கு உண்டு. அப்படி வரி போட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

கையை நீட்டுமுன், பொதியில் அடங்கியவை எவை, எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விலை பேசாமல் சரக்கு ஏற்றுவோமா நாம்?