சொல்லும் சாயலும்: செய்தி மொழியில் ஒரு நோக்கு

சொற்கள் யாவும் பொருள் குறித்து வருவன என்று கூறிய தொல்காப்பியர், அப்பொருள் வெளிப்படையாகத் தெரிந்து நிற்பதும் குறிப்பினால் தோன்றுவதும் என இருபாற்படும் என்று சொல்லதிகாரப் பெயரியலிலேயே வகுத்துள்ளார். அவர் கூறும் குறிப்பு பரந்துபட்டது. சூழலால் பெறப்படுவனவும் அதனுள் அடங்கும். இக்கால மொழியியலார் ‘டினோட்டேஷன்’, ‘கனோட்டேஷன்’ எனப் பிரிப்பது அதனினும் குறுகிய ஒரு பாகுபாடு. ஒரு சொல் எதைச் சுட்டுகிறதோ அது அதன் நேர்ப்பொருள். சுட்டும்பொழுதே அதனுடன் ஒட்டிக்கொண்டு வரும் மதிப்பு, இகழ்ச்சி, பரிவு, அச்சம் முதலியன அதன் சாயற்பொருள். இக்கட்டுரையில் இவ்விரு பெயர்களையே ஆள்வோம்.

ஒருவர் உயிர் நீத்தார் என்னும் ஒரே செய்தியைக் குறிக்கத் தமிழில் எத்துணைச் சொற்கள்! இறந்தார், மறைந்தார், காலமானார், இயற்கை எய்தினார், மாண்டார், செத்தார். நம் இல்லங்களில் வஃபாத்தானார், மௌத்தானார். நேர்ப்பொருள் எல்லாவற்றிற்கும் ஒன்றே. ஆயினும் ஊர்ப் பெரியவர் ஒருவரின் மறைவுச் செய்தியில் ‘செத்தார்’ என்று அச்சிட எவரும் துணியார். செத்தாரைத் துஞ்சினார் என்றும் சுடுகாட்டை நன்காடு என்றும் வழங்குவதனை மங்கலம் எனப் பெயரிட்டுத் தகுதி வழக்கினுள் அடக்கியது நம் இலக்கண மரபு. ஆகவே பொருள் ஒன்றாயிருக்கச் சாயல் வேறாகும் என்பது நமக்குப் புதிதன்று.

சில வேளைகளில் சாயல் முற்றி நேர்ப்பொருளையே விழுங்கிவிடுவதும் உண்டு. பண்டு நறுமணத்திற்கும் வழங்கிய ‘நாற்றம்’ இன்று தீய மணத்தை மட்டுமே சுட்டுகின்றது. இலக்கிய வகுப்பில் மலரின் நாற்றம் என்றவுடன் மாணாக்கர் சிரிப்பது இதனாலேயே.

கவிதைக்குச் சாயற்பொருள் உயிர். செய்திக்கு அது என்ன செய்கிறது என்பதே நம் வினா.

ஒரு நிகழ்ச்சி, இரு செய்திகள்

வகுப்பறைப் பயிற்சிக்காக யான் கற்பனையாக அமைத்த ஒரு நிகழ்ச்சியைக் கொள்வோம். ஓர் ஏரிக்கரையில் 40 குடிசைகள் அகற்றப்படுகின்றன. குடியிருந்தோர் சாலையில் அமர்கின்றனர். கற்கள் வீசப்படுகின்றன. காவலர் தடியடி நடத்துகின்றனர். 3 பேர் காயமடைகின்றனர்; 11 பேர் கைது செய்யப்படுகின்றனர். இதனை மாணாக்கர் இரு பிரிவாகி எழுதினர்.

முதற் பிரிவார் எழுதியது: “ஏரியை ஆக்கிரமித்திருந்த 40 குடிசைகளை அதிகாரிகள் அதிரடியாக அகற்றினர். திடீரெனத் திரண்ட கும்பல் சாலையை மறித்து ரகளையில் இறங்கியது. கல்வீச்சைத் தொடர்ந்து போலீசார் லேசான தடியடி நடத்தினர். இதில் 3 பேர் காயமடைந்தனர். 11 பேர் பிடிபட்டனர்.”

மற்றைப் பிரிவார் எழுதியது: “ஏரிக்கரையில் வாழ்ந்துவந்த 40 ஏழைக் குடும்பங்களின் வீடுகளை அதிகாரிகள் இடித்துத் தரைமட்டமாக்கினர். நியாயம் கேட்டுச் சாலையில் அமர்ந்த மக்கள்மீது போலீசார் தடிகளுடன் பாய்ந்தனர். 3 பேர் படுகாயமடைந்தனர். உரிமை கேட்ட 11 பேர் சிறைபிடிக்கப்பட்டனர்.”

எண்களில் இரண்டும் வேறுபடவில்லை. முதலாவதைப் படித்தவர் அதிகாரிகள் பக்கமும் இரண்டாவதைப் படித்தவர் குடிசைவாசிகள் பக்கமும் நிற்பர். இங்கு ஒன்றைப் பிரித்தறிதல் வேண்டும். இரண்டாம் செய்தியில் கல்வீச்சு விடுபட்டிருப்பது சொல்லின் சாயலால் வந்த குறையன்று. செய்தியையே மறைத்த குறை. ‘காயம்’ என்பது ‘படுகாயம்’ ஆனதும் சாயலன்று, உண்மையை மாற்றியதாகும். இவ்விரண்டையும் மருத்துவமனைக் குறிப்பையோ கண்டவர் கூற்றையோ கொண்டு பிழையெனக் காட்டிவிடலாம். சாயலை அவ்வாறு காட்ட இயலாது. அதுவே அதன் வலிமை. ‘கும்பல்’ என்று எழுதியவரிடம் கேட்டால், பலர் கூடியிருந்தது உண்மைதானே என்று மறுமொழி கூறுவார். நேர்ப்பொருளின் பின்னால் அவர் மறைந்துகொள்ள முடியும்.

எனில் சாயலைக் கண்டறிவது எங்ஙனம்? சொல்லை மாற்றிப் பார்ப்பதே எளிய வழி. கும்பல் என்ற இடத்தில் கூட்டம், மக்கள், குடியிருந்தோர் என ஒவ்வொன்றாக வைத்துப் படிக்க வேண்டும். சுட்டப்படும் ஆட்கள் மாறாதிருக்க, நம் மனநிலை மட்டும் மாறுமாயின் அம்மாற்றமே சாயல். பிறகு, அதே செயலை நம்மவர் செய்திருந்தால் இச்சொல்லை எழுதியிருப்போமா என்றும் கேட்டுப் பார்க்கலாம். திருவிழாவிற்குத் திரண்டவர்களைக் கும்பல் என்று எழுதுவோர் அரியர்.

‘லேசான தடியடி’ என்னும் தொடர் நம் நாளிதழ்களில் நெடுநாளாகப் பயில்வது. அதனைச் சற்று நின்று நோக்க வேண்டும். தடியடி என்பது கண்ணாற் கண்டது. ‘லேசான’ என்பது யாருடைய அளவை? அடித்தவர்க்கு லேசானது, அடிபட்டவர்க்கு அவ்வாறு இருந்திராது. செய்தியாளர் அளக்கக்கூடியவை வேறு: எத்தனை நிமிடம் நடந்தது, எத்தனை பேர் மருத்துவமனைக்குச் சென்றனர் என்பன. அவற்றை எழுதிவிட்டால் அடைமொழிக்குத் தேவையே இராது. கடுஞ்சொல் மட்டுமே செய்திக்கு நிறம் ஏற்றும் என்று கருதுதல் தவறு என்பதற்கு இம்மென்சொல்லே சான்று.

‘ஆக்கிரமிப்பு’ இன்னும் சிக்கலானது. படையெடுத்து வந்தவன் பிறர் நாட்டைக் கவர்வதற்கும் இச்சொல்லே வழங்குவதால் அதில் பகைமையின் சாயல் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் ஒன்று உண்டு. அரசு நிலத்தில் உரிமையின்றிக் குடியிருத்தல் அச்சட்டத்தின்படி ஆக்கிரமிப்பு. அங்கு அது நேர்ப்பொருள் உடைய கலைச்சொல். எனவே இச்சொல்லை அடியோடு விலக்குக என்று கூறுதல் பொருந்தாது. நிலம் யாருடையது என்பதில் வழக்கிருக்குமாயின் ‘அதிகாரிகள் ஆக்கிரமிப்பு எனக் கூறும் குடிசைகள்’ என்று எழுதிச் சொல்லை அதற்குரியவர் வாயிலேயே வைப்பது தக்கது.

‘கூறினார்’ என்பதற்கு மாற்றாக வரும் வினைகளையும் ஈண்டுச் சொல்லாமல் விட இயலாது. ‘ஒப்புக்கொண்டார்’ எனின் கூறப்பட்டது உண்மை என்பது அச்சொல்லின் நேர்ப்பொருளிலேயே அடங்கிவிடுகிறது. காவல் நிலையத்தில் ஒருவர் கூறியதாகக் காவலர் சொன்னதை ‘ஒப்புக்கொண்டார்’ என்று எழுதும் செய்தியாளர், நீதிமன்றம் செய்ய வேண்டிய வேலையை ஒரே வினைமுற்றில் முடித்துவிடுகிறார். ‘மழுப்பினார்’ என்பதோ முற்றிலும் எழுதுபவர் தீர்ப்பு. மொழியும் சிந்தனையும் பற்றி எழுதிய ஹயகாவா என்னும் அறிஞர், கண்டதை உரைத்தல், கண்டதிலிருந்து ஊகித்தல், மதிப்பிட்டுத் தீர்ப்புரைத்தல் என மூன்றைப் பிரித்துக் காட்டுவார். சாயல் மிக்க சொல் இம்மூன்றாவதை முதலாவதன் உடையில் அனுப்பிவைக்கின்றது.

வெள்ளத்தில் எடுத்த இரு படங்கள்

கற்பனை நிகழ்ச்சியை விடுத்து உண்மையில் நடந்த ஒன்றைக் காண்போம். 2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா சூறாவளி அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. கரைகள் உடைந்து நியூ ஆர்லியன்ஸ் நகரின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. மறுநாள், மார்பளவு நீரில் பொருள்களைச் சுமந்து செல்வோரின் படங்கள் யாஹூ செய்தித் தளத்தில் வெளியாயின. அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் அளித்த படத்தில் இருந்தவர் கறுப்பின இளைஞர். அவர் ஒரு மளிகைக் கடையைக் கொள்ளையிட்டபின் நடந்து செல்வதாகப் படக்குறிப்பு உரைத்தது. ஏ.எஃப்.பி. நிறுவனத்தின் வழி வந்த மற்றொரு படத்தில் இருந்த இருவர் வெள்ளையர். அவர்கள் அப்பகுதி மளிகைக் கடையிலிருந்து ரொட்டியும் சோடாவும் கண்டெடுத்தபின் செல்வதாக அதன் குறிப்பு உரைத்தது. நீர் ஒன்று, சுமை ஏறத்தாழ ஒன்று, ஒருவருக்குக் ‘கொள்ளை’, மற்றவர்க்குக் ‘கண்டெடுத்தல்’. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தோர் கொதித்தெழுந்தனர்.

இத்துடன் நிறுத்தினால் பாடம் எளிதாக முடிந்துவிடும். ஆனால் நடந்தது முழுமையும் அறிதல் வேண்டும். அந்த இளைஞர் கடைக்குள் சென்று பொருள்களுடன் வெளிவந்ததைத் தம் படப்பிடிப்பாளர் நேரிற் கண்டார் என்று அசோசியேட்டட் பிரஸ் விளக்கியது. மற்றப் படத்தை எடுத்தவரோ, கடையின் பொருள்கள் நீரில் மிதந்துவந்தன, அவற்றையே அவ்விருவரும் எடுத்தனர் என்றார். இருவரும் தத்தம் கண்கண்டதற்கு ஏற்பவே சொல்லைத் தேர்ந்தனர் போலும். எனவே எழுதியவர் நெஞ்சில் காழ்ப்பு இருந்தது என்று இப்படக்குறிப்புகளைக் கொண்டு முடிவு கட்டுதல் ஆகாது. ஆயினும் படிப்பவர் முன் இருந்தது படமும் சொல்லும் மட்டுமே. கடை வாயிலில் நடந்ததை அவர் காணவில்லை. பசித்தவர் உணவெடுப்பதற்கும் ஆதாயத்திற்காகச் சூறையாடுவதற்கும் ‘கொள்ளை’ என்னும் ஒரே சொல் நின்றதால், அதன் சாயல் முழுவதும் அந்த ஒருவர் மீது படிந்தது. ‘கடைக்குள்ளிருந்து உணவுப் பொருள்களை எடுத்து வந்தபின்’ என்று எழுதியிருப்பின் கண்டது குறையாது. தீர்ப்பு மட்டுமே குறைந்திருக்கும். பின்னர் ஏ.எஃப்.பி. வேண்டியபடி அதன் படம் அத்தளத்திலிருந்து நீக்கப்பட்டது.

அதே வெள்ளத்தில் மற்றொரு சொல்லும் வழக்காடப்பட்டது. வீடிழந்தோரைச் செய்தி நிறுவனங்கள் ‘அகதிகள்’ என்று குறித்தபோது, சொந்த நாட்டிலேயே எங்களை அயலாராக்குகிறீர்களே என்ற குரல் எழுந்தது. அவர்கள் அகதிகள் அல்லர், அமெரிக்கர்கள் என்று அதிபர் புஷ்ஷும் கூறினார். சில நாளிதழ்கள் அச்சொல்லைக் கைவிட்டன. அசோசியேட்டட் பிரஸ், புகலிடம் தேடுவோர் என்ற பொருளில் அது தக்கதே என்று தொடர்ந்து வழங்கியது. 1951ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை அகதி என்பதற்குத் தன் நாட்டின் எல்லை கடந்தவர் என்பதையும் ஓர் இலக்கணமாகக் கொள்கிறது. ஆகவே அங்குச் சாயல் மட்டுமன்றி நேர்ப்பொருளும் வழக்கிற்குட்பட்டது.

தமிழில் இச்சொல் இன்னும் கனமானது. கதியற்றவர் என்பதே அதன் பொருளாகச் செவியில் விழும். இலங்கையிலிருந்து வந்த தமிழர் 1983க்குப் பின் பல்லாண்டுகள் இப்பெயராலேயே அழைக்கப்பட்டனர்; இங்கே பிறந்த அவர்தம் பிள்ளைகளும் ‘அகதி முகாம்’ என்ற முகவரியுடனேயே பள்ளிக்குச் சென்றனர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்ததன்படி, அம்முகாம்கள் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றன. எவருக்கும் அப்பெயர் மாற்றத்தால் குடியுரிமை வந்துவிடவில்லை. சட்டத்தில் அவர்கள் நிலை முன்பிருந்தவாறே இருந்தது. பெயர்ப்பலகையில் மாறியது சாயல் மட்டுமே. அப்பலகையின்கீழ் நாள்தோறும் நடந்து பள்ளி சென்ற பிள்ளைக்கு அது சிறியதா பெரியதா என்பதை அப்பிள்ளையிடந்தான் கேட்க வேண்டும்.