சாணைக்கல் மாற்றுமுன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரல் முட்டியால் தட்டிப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார்கள். கணீரென்றால் பானை முழுசு. மொத்தென்றால் எங்கோ கீறல் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாவிட்டாலும். பட்டறையில் சாம்பல் நிறத்தில் சுற்றும் கிரைண்டிங் வீலும் அந்தப் பானையின் உறவுதான். தேய்க்கும் மணிகளைக் களிமண் கலவையில் பிசைந்து, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டு எடுக்கிறார்கள். அதனால் அதையும் தட்டிப் பார்க்கலாம்.

ஆனால் பானை அடுப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும், வீல் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றும். அதனால் வீல் மாற்றுகிறவர் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இந்தக் கல் முழுசாக இருக்கிறதா? இந்த மிஷினின் வேகத்தை இந்தக் கல் தாங்குமா? தட்டும் சோதனை முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். கணீரென்று ஒலிக்கும் நல்ல கல்லும் அளவுக்கு மீறிய வேகத்தில் வெடிக்கும்.

பெல்ட்டில் ஓடும் ஒரு பெடஸ்டல் கிரைண்டரில் 300 மி.மீ. வீல் மாற்றுவதை எடுத்துக்கொண்டு, வரிசையாகப் பார்ப்போம்.

1. மின்சாரத்தை நிறுத்துங்கள்

மிஷினின் சுவிட்சை அணைத்தால் போதாது. மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்ட வசதியில்லாத இடத்தில் ஃபியூஸைக் கழற்றிக் கையில் வைத்திருங்கள். வீல் தானாகச் சுற்றி நிற்கும்வரை காத்திருங்கள். கட்டையை அழுத்தி நிறுத்த வேண்டாம்.

2. பழைய வீலைக் கழற்றுங்கள்

கார்டின் பக்க மூடியைத் திறந்து நட்டைக் கழற்ற வேண்டும். இரு பக்கமும் வீல் உள்ள மிஷினில், முன்னால் நின்று பார்த்தால் வலப்பக்க நட்டுக்கு வழக்கமான மரை, இடப்பக்க நட்டுக்கு இடது மரை. ஓடும்போது நட் கழலாமல் மேலும் இறுகுவதற்காக இப்படிச் செய்திருக்கிறார்கள். வீல் எந்தத் திசையில் சுற்றுமோ அதே திசையில் நட்டைத் திருப்பினால் கழலும். எதிர்த்திசையில் திருப்பினால் இறுகும். இது தெரியாமல் இடப்பக்க நட்டைச் சுத்தியலால் அடித்துத் திருப்புகிறவர்கள் மரையையும் ஸ்பிண்டிலையும் கெடுக்கிறார்கள்.

கழற்றிய பழைய வீலின் விட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். அந்த எண் ஏன் முக்கியம் என்பது ஐந்தாம் படியில் தெரியும்.

3. புது வீலின் சீட்டைப் படியுங்கள்

வீலின் நடுவில் ஒட்டிய காகித வட்டத்தில் விட்டம், தடிமன், துளை அளவு, அதிகபட்சச் சுற்று, நொடிக்கு எத்தனை மீட்டர் என்ற விளிம்பு வேகம் எல்லாம் இருக்கும். மணியின் வகையையும் பருமனையும் கடினத்தையும் சொல்லும் குறியீட்டில் ‘வி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது சூளையில் சுட்ட வீல், ‘பி’ இருந்தால் ரெசினால் பிணைத்த வீல். சுட்ட வீல்தான் தெளிவாக ஒலிக்கும். ரெசின் வீல் நல்லதாக இருந்தாலும் ஒலி மங்கலாகவே வரும். அதைச் சுட்ட வீலோடு ஒப்பிட்டு ‘கெட்டது’ என்று ஒதுக்கக் கூடாது. ரெசின் வீலின் சீட்டில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

சீட்டே இல்லாத, எழுத்து அழிந்த வீல் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பூட்டக் கூடாது. அது எந்த வேகத்தைத் தாங்கும் என்று சொல்ல யாராலும் முடியாது.

4. தட்டிப் பாருங்கள்

முதலில் கண்ணால். விளிம்பிலும் துளையைச் சுற்றியும் விரிசல், உடைப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வீல் காய்ந்திருக்க வேண்டும், பெட்டியில் வந்த மரத்தூள் ஒட்டியிருக்கக் கூடாது. ஈரமும் தூளும் ஒலியை விழுங்கிவிடும்.

சிறிய வீலைத் துளைக்குள் விரலை விட்டுத் தொங்கவிடலாம். நம்முடைய 300 மி.மீ. வீல் 40 மி.மீ. தடிமன் என்றால் ஏறக்குறைய 6 கிலோ இருக்கும். அதைச் சுத்தமான கெட்டித் தரையில் விளிம்பு படும்படி நிறுத்தி, ஒரு கையால் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மரச் சுத்தியல் அல்லது மரப்பிடி கொண்ட ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். இரும்பால் தட்டாதீர்கள். இரும்பின் ஒலி கல்லின் ஒலியோடு கலக்கும், கல்லும் சிதையும்.

தட்டும் இடத்தைக் கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். நேர் மேலும் நேர் கீழும் வேண்டாம். ஒன்றரை, நாலரை, ஏழரை, பத்தரை மணி காட்டும் இடங்களில், விளிம்பிலிருந்து 25 முதல் 50 மி.மீ. உள்ளே, இதமாக ஒரு தட்டு. பிறகு வீலை எட்டில் ஒரு பங்கு உருட்டி மறுபடி நான்கு தட்டு. முதல் முறை கை பிடித்த இடத்திலும் தரை தொட்ட இடத்திலும் ஒளிந்திருந்த கீறல் இப்போது அகப்படும்.

நல்ல கல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒலிக்கும். ஓரிடத்தில் மட்டும் ஒலி செத்துப்போனால் வீலைத் துடைத்து, பிடியை மாற்றி இன்னொரு முறை தட்டுங்கள். அப்போதும் மொத்தென்றால் அந்த வீல் வேண்டாம். அலமாரியில் திரும்ப வைத்தால் நாளை வேறு யாராவது எடுத்துப் பூட்டுவார்கள். அன்றே உடைத்துப் போடுங்கள்.

இந்தச் சோதனையைக் கடையில் செய்துவிட்டோம் என்று விட முடியாது. ஆட்டோவில் வந்த வழியில் ஒரு குலுக்கல் போதும் கீறல் விழ. பூட்டுவதற்குச் சற்று முன் செய்வதுதான் கணக்கு. கழற்றி வைத்த வீலை மறுபடி பூட்டினாலும் தட்ட வேண்டும்.

5. வேகத்தைக் கணக்குப் போடுங்கள்

கல் முழுசு என்று தெரிந்தது. இப்போது இரண்டாவது கேள்வி.

மிஷினில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடும் நான்கு துருவ மோட்டார் இருக்கிறது. அதன் தகட்டில் 1440 சுற்று என்றிருக்கும். அது பாரம் ஏறியபோது உள்ள வேகம். பாரம் இல்லாமல் ஓடும்போது 1500-ஐ ஒட்டி வரும். வீல் வெறுமனே சுற்றும்போதும் தாங்க வேண்டும் என்பதால் 1500 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் புல்லி 4 அங்குலம், ஸ்பிண்டில் புல்லி 3 அங்குலம். 1500-ஐ 4-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் ஸ்பிண்டில் 2000 சுற்று. விளிம்பு வேகத்துக்குச் சூத்திரம் இது:

விட்டம் (மி.மீ.) × 3.14 × சுற்று ÷ 60,000 = நொடிக்கு மீட்டர்

300 × 3.14 × 2000 ÷ 60,000 = 31.4. புது வீலின் சீட்டில் 35 என்றிருந்தால் பூட்டலாம்.

இனி அதே மிஷினின் இன்னொரு நிலையைப் பாருங்கள். பழைய வீல் தேய்ந்து 250 மி.மீ. ஆனபோது ‘வெட்டு மந்தமாக இருக்கிறது’ என்று யாரோ மோட்டாரில் 5 அங்குலப் புல்லியைப் போட்டுவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பிண்டில் 2500 சுற்றுக்குப் போய்விட்டது. தேய்ந்த கல்லுக்கு விளிம்பு வேகம் 32.7 மீட்டர்தான், ஒன்றும் ஆகவில்லை. மாதக்கணக்கில் ஓடியது. இப்போது நீங்கள் 300 மி.மீ. புதுக் கல்லைத் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டு, பூட்டுகிறீர்கள். விளிம்பு வேகம் 39 மீட்டரைத் தாண்டுகிறது. சீட்டு அனுமதித்தது 35.

நாலு மீட்டர்தானே கூடுதல் என்று நினைக்க வேண்டாம். கல்லைப் பிய்க்கும் விசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். சுற்று 2000-லிருந்து 2500 ஆனபோது வேகம் கால் பங்குதான் கூடியது. கல்லின் மேல் உள்ள இழுவிசையோ ஒன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. பழைய வீலின் விட்டத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான். தேய்ந்த வீல் ஓடியது என்பது புது வீல் ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது.

ஆகவே புல்லிகளை ஒவ்வொரு முறையும் டேப் வைத்து அளந்து பாருங்கள். டேக்கோமீட்டர் இருந்தால் வீல் இல்லாமல் ஸ்பிண்டிலை ஓட்டி நேரடியாகச் சுற்றை அளப்பது இன்னும் நல்லது. அதற்காக மெயினைப் போட்டால், அளந்த பின் மறுபடி பூட்டுங்கள். வேகம் மாற்றும் டிரைவ் உள்ள மிஷினில் அளந்தே ஆக வேண்டும்.

6. பூட்டுங்கள்

வீல் ஸ்பிண்டிலில் தானாக வழுக்கி உட்கார வேண்டும். தட்டி ஏற்றவோ, துளையைச் சுரண்டிப் பெரிதாக்கவோ கூடாது. இரு பக்க ஃபிளாஞ்சும் ஒரே விட்டத்தில் இருக்க வேண்டும், வீல் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது. நமக்கு 100 மி.மீ. ஒரு பக்கம் பெரிதும் மறுபக்கம் சிறிதுமாகப் போட்டால் கல் வளைந்து கீறும். காகித வட்டங்களைக் கிழிக்காதீர்கள். ஃபிளாஞ்சின் அழுத்தத்தைக் கல் முழுக்கச் சமமாகப் பரப்புவது அவைதான்.

நட்டை ஸ்பேனரால் கைப்பலம் மட்டும் கொடுத்து, வீல் வழுக்காத அளவுக்கு இறுக்குங்கள். ஸ்பேனரில் பைப் மாட்டுவதும் சுத்தியலால் அடிப்பதும் நல்ல கல்லை நீங்களே உடைப்பதற்குச் சமம். பிறகு கார்டை மூடி, டூல் ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி இல்லாமலும், மேலே உள்ள தடுப்புத் தகட்டுக்கு 6 மி.மீ.க்கு மேல் இல்லாமலும் வையுங்கள். இடைவெளி அதிகமானால் வேலைத்துண்டு உள்ளே சிக்கிக் கல்லை உடைக்கும். கல் தேயத் தேய இந்த இரண்டையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், அதுவும் மிஷின் நின்ற பிறகு. கடைசியாக வீலைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

7. முதல் ஒரு நிமிடம் ஒதுங்கி நில்லுங்கள்

கண்ணாடி போட்டுக்கொண்டு, வீலுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டில் நின்று சுவிட்சைப் போடுங்கள். அந்தக் கோட்டில் வேறு யாரும் நிற்கக் கூடாது. முழு வேகத்தில் ஒரு நிமிடமாவது வெறுமனே ஓடட்டும். அதிர்ந்தால் உடனே அணைத்து, ஃபிளாஞ்சையும் துளையையும் மறுபடி பாருங்கள். சீராக ஓடினால் டிரஸ்ஸரால் முகத்தைச் சமன்செய்து வேலையைத் தொடங்கலாம்.

சுவரில் ஒரு அட்டை

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 30-ஆம் பிரிவில், சாணை பிடிக்கும் ஒவ்வொரு மிஷின் அருகிலும் ஓர் அறிவிப்பு வைக்கச் சொன்னது. வீலின் பாதுகாப்பான விளிம்பு வேகம், ஸ்பிண்டிலின் சுற்று, அந்த வேகம் வருவதற்கான புல்லியின் விட்டம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். சட்டத்தை எழுதியவர்கள் புல்லியின் விட்டத்தையும் கேட்டதன் காரணம் மேலே போட்ட கணக்கிலேயே இருக்கிறது. நம் மிஷினுக்கு அந்த அட்டை இப்படி இருக்கும்:

வீல் 300 மி.மீ., 35 மீட்டர். ஸ்பிண்டில் 2000 சுற்று. மோட்டார் புல்லி 4 அங்குலம், ஸ்பிண்டில் புல்லி 3 அங்குலம். வீல் மாற்றியவர், தேதி.

இந்த அட்டை அங்கே தொங்கியிருந்தால், 5 அங்குலப் புல்லியோடு வந்தவர் அதைப் படித்திருப்பார். படிக்காமல் மாட்டியிருந்தாலும், அடுத்து வீல் மாற்ற வந்த நீங்கள் டேப்பை வைத்த உடனே கண்டுபிடித்திருப்பீர்கள்.