ஒரு பாட்டில் நீரில் உளூ: இருபது விநாடி வீடியோ



நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாக அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஒரு முத்து ஏறத்தாழ முக்கால் லிட்டர். நமது குழாய் பத்து விநாடியில் ஒரு லிட்டர் கொட்டினால், ஒன்றரை நிமிட உளூவுக்கு ஒன்பது லிட்டர் போய்விடும்.

கோடையில் பள்ளிவாசல் தண்ணீரைக் காக்க, #ஒருபாட்டில்உளூ என்ற சவாலை முன்வைக்கிறோம்.

ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் ஐந்து விநாடி நிறைந்த பாட்டிலைக் காட்டுங்கள். அடுத்த பத்து விநாடி, ஒருவர் மெல்லிதாக ஊற்ற, ஒரு கையை முழங்கை வரை கழுவுவதைக் காட்டுங்கள். பிறகு கேமராவை நிறுத்திவிட்டு உளூவை நிதானமாக முடியுங்கள். கடைசி ஐந்து விநாடியில் மீதமுள்ள நீரைக் காட்டி, அடுத்து ஒரு வீட்டாரை அழையுங்கள்.

முகம் காட்ட வேண்டியதில்லை. பெண்கள் பாட்டிலை மட்டும் காட்டினால் போதும். பெயர் வாங்கும் எண்ணமும் இதனால் குறையும்.

நீரை மிச்சப்படுத்த அவசரப்பட்டால் குதிகால் நனையாமல் போகும். அந்த உளூ நிறைவேறாது. நீர் போதாவிட்டால் கூடுதலாக எடுத்து, அதையும் சொல்லுங்கள்.

ஹேஷ்டேக்கை இடைவெளி இல்லாமல் ஒரே எழுத்தமைப்பில் எழுதுங்கள். இடைவெளி விட்டால் முதல் சொல்லோடு அறுந்துவிடும். இன்ஸ்டாகிராமில் பூட்டிய கணக்கிலிருந்து போட்டால் உங்களைப் பின்தொடர்வோர் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவர்கள் வீடியோவை டிரஸ்ட்டுக்கு அனுப்பினால் நாங்கள் பதிவிடுகிறோம்.

வீண்விரயத்தை விட்டும் அல்லாஹ் நம்மைக் காப்பானாக, ஆமீன்.