இரத்தப் பரிசோதனை அறிக்கையைச் சில வரிகளில் சுருக்கும் முறை

மாஸ்டர் ஹெல்த் செக்கப் செய்துகொண்டு வீடு திரும்புகிறவரின் கையில் பத்துப் பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட அறிக்கை ஒன்று இருக்கும். அதில் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும் எண்கள் யாவும், அற்பமானதும் அவசரமானதும் என்ற வித்தியாசமின்றி, அவரை ஒரே விதமாகப் பயமுறுத்தும். அந்த அறிக்கையை அவருக்காகச் சில வரிகளில் சுருக்கித் தரும் பொறுப்பு பெரும்பாலும் செவிலியரிடமோ இளம் வைத்தியரிடமோ வந்து சேர்கிறது. அவர்கள் பொருட்டே இந்த முறையை ஓர் உதாரணத்தோடு விவரிக்க விரும்புகிறேன்.

சில காலமாகச் சோர்வு என்று சொல்லும் முப்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரின் அறிக்கை நம் முன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்களைப் படிக்கத் தொடங்குமுன் பெயர், வயது, பால், இரத்தம் எடுத்த நேரம், வெறும் வயிற்றில் எடுத்ததா என்பது, பக்கத்தின் அடியில் சிறு எழுத்தில் உள்ள குறிப்புகள் ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். பிறகு, தடித்த எழுத்தை மட்டும் நம்பாமல், ஒவ்வோர் எண்ணையும் அதே வரிசையில் அச்சிட்டிருக்கும் எல்லையோடு நீங்களே ஒப்பிட்டு, விலகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எல்லைகள் பரிசோதனைக் கூடத்துக்குக் கூடம் சற்றே மாறுபடும். ஆகையால் நினைவிலுள்ள எல்லையைவிட அந்த அறிக்கையில் உள்ளதே பிரமாணம். ஆனால் அது நோயாளியின் வயதுக்கும் பாலுக்கும் உரிய எல்லைதானா என்பதையும், கர்ப்பிணியானால் அந்த நிலைக்குப் பொருந்துவதா என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் பெண்மணியின் அறிக்கையில் விலகி நிற்கும் எண்கள் ஒன்பது. ஒன்பது என்றதும் ஒன்பது கோளாறுகள் என்று எண்ணிவிடக் கூடாது. அடுத்த காரியம், ஒரே சங்கதியைப் பேசும் எண்களை ஒன்று சேர்ப்பது. ஹீமோகுளோபின் 9.6 (எல்லை 12 முதல் 15 வரை), எம்.சி.வி. 70.5 (83 முதல் 101 வரை), இவற்றோடு பி.சி.வி., எம்.சி.எச்., எம்.சி.எச்.சி. மூன்றும் குறைந்தும், ஆர்.டி.டபிள்யூ. அதிகரித்தும் இருக்கின்றன. இந்த ஆறும் சொல்வது ஒன்றே: இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவு, சிவப்பணுக்களும் சிறுத்து, அளவில் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருக்கின்றன. ஆகவே ஆறு எண்களுக்கும் ஒரு வரி போதும். அதில் ஹீமோகுளோபினையும் எம்.சி.வி.யையும் மட்டும் எண்ணோடு எழுதலாம். இந்த இடத்தில் ‘இரும்புச்சத்துக் குறைவு’ என்று எழுதிவிடக் கை துடிக்கும். அதை அடக்கிக்கொள்வது அவசியம். தலசீமியா என்னும் பரம்பரைத் தன்மை உடையவர்களுக்கும் சிவப்பணுக்கள் சிறுத்தே இருக்கும். அதைப் பிரித்தறிய ஃபெரிட்டின் முதலிய வேறு பரிசோதனைகள் உண்டு. தீர்மானிப்பது வைத்தியரின் வேலை.

ஏழாவது எண் லிம்போசைட். 44 சதவீதம் என்று தடித்திருக்கிறது. எல்லை 20 முதல் 40 வரை. ஆனால் மொத்த வெள்ளணுக்கள் 5,600 ஆகையால், அதில் 44 சதவீதம் ஏறக்குறைய 2,460. அதே அறிக்கையில் எண்ணிக்கைக்கு இட்டிருக்கும் எல்லை 1,000 முதல் 3,000 வரை. சதவீதம் என்பது பிற அணுக்களின் பங்கு குறைந்தாலே தானாக உயர்ந்து காட்டும்; எண்ணிக்கை எல்லைக்குள் இருந்தால் அதையே நம்ப வேண்டும்.

எட்டாவது எண்ணில்தான் பலர் தவறுகிறார்கள். பொட்டாசியம் 5.6 (எல்லை 3.5 முதல் 5.1 வரை) என்று இருக்க, அந்தப் பக்கத்தின் அடியில் ‘மாதிரி ஹீமோலைஸ் ஆகியுள்ளது’ என்று ஒரு குறிப்பு காணப்படுகிறது. சிவப்பணுவுக்குள் பொட்டாசியம் வெளியே உள்ளதைவிடப் பன்மடங்கு அதிகம்; இரத்தத்தைச் சிரமப்பட்டு உறிஞ்சினாலோ குழாயைப் பலமாகக் குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து, உள்ளிருந்த பொட்டாசியம் சீரத்தில் கலந்து, உடலில் இல்லாத உயர்வைக் காட்டிவிடும். அதற்காக அந்த எண்ணைத் தள்ளிவிடவும் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய சில இரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவருக்கும் அது மெய்யாகவே உயர்ந்திருக்கலாம். எனவே எண்ணையும் எழுதி, குறிப்பையும் எழுதி, உடனே மறுபடி இரத்தம் கொடுக்கச் சொல்வதே சரியான வழி.

ஒன்பதாவது, மூன்று மாதச் சர்க்கரை என்று ஜனங்கள் சொல்லும் எச்.பி.ஏ.1சி.: 5.9, 5.7-க்குக் கீழே இருக்க வேண்டியது. வெறும் வயிற்றுச் சர்க்கரையோ 91, எல்லைக்குள். இரண்டும் முரண்படுவதுபோல் தோன்றும்போது முதல் வரியைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இரும்புச்சத்துக் குறைவால் ஹீமோகுளோபின் குறைந்தவர்களிடம் இந்த எண் மெய்யான சர்க்கரை நிலையைவிடச் சற்று உயர்ந்து காட்டுவதுண்டு. நம் பெண்மணியின் சோகைக்குக் காரணம் இன்னும் தெரியவில்லையாதலால், இது இன்னதென்று முடிவு கட்டாமல், இரண்டையும் சேர்த்து வைத்தியர் பார்க்க வேண்டும் என்று மட்டும் குறிக்கலாம்.

ஒன்றை விளக்கியாக வேண்டும். பெரும்பாலான எல்லைகள், ஆரோக்கியமுள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் அடங்கும்படி வகுக்கப்பட்டவை. ஆகையால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனைகள் செய்துகொள்ளும் சுகதேகிகளில் நூற்றுக்குச் சுமார் 64 பேருக்கு ஓர் எண்ணாவது எல்லை தாண்டியே தீரும். இதைக் காரணம் காட்டிச் சிறு விலகல்களைச் சுருக்கத்திலிருந்து நீக்கிவிடலாம் என்பார் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. தடித்த எழுத்தை நோயாளி தம் கண்ணாலேயே பார்க்கிறார். அதைப்பற்றிச் சுருக்கம் மௌனம் சாதித்தால் சுருக்கத்தின்மேலேயே அவருக்குச் சந்தேகம் பிறக்கும். விலகிய ஒவ்வோர் எண்ணுக்கும் ஓர் இடம் வேண்டும். இடத்தின் அளவு மட்டும் மாறலாம்.

இனி எழுதலாம்:

“1. ஹீமோகுளோபின் 9.6; 12 முதல் 15 வரை இருக்க வேண்டும். சிவப்பணுக்கள் சிறுத்துள்ளன (எம்.சி.வி. 70.5, 83 முதல் 101 வரை இருக்க வேண்டும்). தடித்துள்ள வேறு நான்கு எண்களும் இதையே சேர்ந்தவை. காரணத்தை வைத்தியர் கண்டறிவார். அதுவரை தாமாக மாத்திரை வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

2. பொட்டாசியம் 5.6, 5.1-க்குள் இருக்க வேண்டும். மாதிரியில் அணுக்கள் உடைந்திருந்ததால் இது சரியான அளவாக இல்லாமல் இருக்கலாம். இன்றே மறுபடி இரத்தம் கொடுங்கள்.

3. மூன்று மாதச் சர்க்கரை 5.9, 5.7-க்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றுச் சர்க்கரை சரியாக உள்ளது. முதல் வரியோடு சேர்த்து வைத்தியர் பார்ப்பார்.

4. லிம்போசைட் சதவீதம் சற்று அதிகம் (44, 40 வரை இருக்கலாம்), எண்ணிக்கை எல்லைக்குள் உள்ளது.

5. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு பரிசோதனைகள் எல்லைக்குள் உள்ளன.”

எழுதி முடித்தபின் ஒவ்வோர் எண்ணையும் விரல் வைத்து அசலோடு ஒப்பிடுங்கள், 9.6 என்பது 6.9 ஆகிவிட்டால் அதன் பலன் விபரீதமாகும். பொட்டாசியம் 6-ஐத் தாண்டியிருந்தாலோ ஹீமோகுளோபின் 7-க்குக் கீழ் இறங்கியிருந்தாலோ, சுருக்கம் எழுதிக்கொண்டிராமல் முதலில் வைத்தியரைத் தொலைபேசியில் அழையுங்கள். சுருக்கத்தைக் கொடுக்கும்போது அசல் அறிக்கை முழுவதையும் அதனுடன் இணைத்தே கொடுங்கள். வைத்தியர் படிக்க வேண்டியது அதைத்தான்.