மங்கலான படத்தில் இருப்பது எந்த வண்டு?

தஞ்சை மாவட்ட வாசகி ஒருவர், அடுக்களையில் அரிசி டிரம்மின் மூடிமேல் ஊர்ந்த ஒரு பூச்சியைச் செல்போனில் படம் பிடித்து அனுப்பியுள்ளார். "இது மாவு வண்டுதானா? பக்கத்து அறையில் விதைநெல் மூட்டைகள் இருப்பதால் கவலையாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

படத்தில் காலும் தெரியவில்லை, மீசையும் தெரியவில்லை. ஆனால் அருகில் ஓர் அரிசி கிடப்பது நல்லதாயிற்று. பூச்சி அந்த அரிசியில் பாதி நீளம், அதாவது சுமார் 3 மி.மீ. இருக்கிறது. இந்த அளவில் பழுப்பு நிறப் பூச்சிகள் பல உண்டு. விளக்கு வெளிச்சத்தில் எல்லாமே பழுப்பாகத் தெரியும் என்பதால் நிறத்தை நம்பாமல் உருவத்தைப் பார்க்க வேண்டும்.

சிவப்பு மாவு வண்டு தட்டையானது. மேலிருந்து பார்த்தாலே அதன் தலை தெரியும். மாவு, நொய், உடைந்த தானியம் ஆகியவற்றில்தான் பெருகும். முழு நெல்லை அதனால் எளிதில் துளைக்க முடியாது. அரிசிக் கூன்வண்டுக்கு யானைத் துதிக்கை போன்ற மூக்கு உண்டு. படம் மங்கி மூக்கு மறைந்தாலும், உடல் முன்புறம் குறுகிச் செல்வது தெரியும். இறக்கையில் நான்கு வெளிர் புள்ளிகளும் இருக்கும்.

வாசகியின் படத்தில் தலையே தெரியவில்லை. உடல் பென்சில் துண்டுபோல இருபுறமும் நேராக இருக்கிறது. தலை கழுத்துக்கு அடியில் மடங்கியிருக்கும் நெல் துளைப்பானின் உருவம் இது. சிகரெட் வண்டுக்கும் தலை மடங்கித்தான் இருக்கும். ஆனால் அது முட்டை வடிவில் முதுகு கூனியிருக்கும். மஞ்சள், மல்லி, மிளகாய் டப்பாக்களில்தான் அதிகம் காணப்படும்.

எனவே இது நெல் துளைப்பானாகவே இருக்கக்கூடும். படத்தை மட்டும் வைத்து உறுதி சொல்ல இயலாது. மூட்டைதான் சொல்ல வேண்டும். அடியிலிருந்து இரண்டு படி நெல்லை எடுத்துச் சல்லடையில் சலித்துப் பாருங்கள். மாவுபோன்ற தூள் நிறைய விழுந்து, ஓட்டை விழுந்த நெல்லும் தென்பட்டால் சந்தேகம் வேண்டாம். மாவு வண்டாயிருந்தால் டிரம்மைத் துடைத்து வெயிலில் காயவைத்தால் போதும். துளைப்பான் என்றால் விதைக்கே ஆபத்து.

நெல்லைக் களத்தில் மெல்லியதாகப் பரப்பிக் காயவைத்துச் சலியுங்கள். வண்டு ஓடிவிடும், ஆனால் மணிக்குள் இருக்கும் புழு தங்கிவிடும். ஆகவே இரண்டு வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். பிறகு 100 விதைகளை ஈரத்துணியில் முளைகட்டுங்கள். 80-க்குக் குறைவாக முளைத்தால் அதை விதைக்கு வைக்காதீர்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் வைக்கவே கூடாது; அதன் வாயு வீட்டில் உள்ளவர்களின் உயிரையே வாங்கும்.

மீண்டும் படம் அனுப்புவதானால், செத்த பூச்சியை வெள்ளைத் தாளில் ஓர் அரிசியோடு வைத்து, சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள். போனை மிக அருகில் கொண்டு போவதால்தான் படம் மங்குகிறது; ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றும் வேண்டும். மூக்கும் கூனும் பக்கவாட்டுப் படத்தில்தான் தெரியும்.